கல்லூரிக்கு ஒரு நூலகர், ஒதுக்கீட்டிற்கு இடமில்லை: நூலகர் பணியும் ஒற்றைப் பதவிச் சட்டமும்

காஞ்சிபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நூலக அறிவியல் படித்த தலித் இளைஞர்களிடம் ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால், பதினெட்டு விழுக்காடு ஒதுக்கீடு மீதி வழியைப் பார்த்துக்கொள்ளும் என்பதே அது. ஆசிரியர் பணிக்கும் எழுத்தர் பணிக்கும் இந்த நம்பிக்கை ஓரளவு பொருந்தும். கல்லூரி நூலகர் பணிக்கு அது பொருந்துவதில்லை. ஒரு கல்லூரியில் நூலகர் பதவி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று எப்படி எண்ணப்படுகிறது என்பதில்தான் ஒதுக்கீடு இருப்பதும் இல்லாமல் போவதும் தீர்மானமாகின்றன. கல்லூரித் தேர்வுக் குழுவின் மேசையை அடைவதற்கு வெகு முன்பே, பணியிடங்களை எண்ணும் கணக்கிலேயே இது முடிவாகிவிடுகிறது. ஆகவே வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் அது பாகுபாடாகத் தென்படுவதில்லை.

முதலில் படிப்பின் படிகளைப் பார்த்துவிடலாம். அடியில் இருப்பது நூலகம் மற்றும் தகவல் அறிவியல் சான்றிதழ்ப் படிப்பு. பெரும்பாலும் ஆறு மாத காலம் நடக்கும் இப்படிப்பை வைத்துப் பொது நூலகத் துறையின் கீழ்நிலைப் பணிகளுக்கு முயலலாம். அடுத்து, ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டத்திற்குப் பின் ஓராண்டு படிக்கும் இளநிலை நூலக அறிவியல் பட்டம். கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளின் நூலகர் பணிக்கு இதுவோ, பட்டத்துடன் ஓராண்டுப் பட்டயமோ போதுமானது. அதற்கும் மேலே முதுநிலை நூலக அறிவியல் பட்டம். கல்லூரி நூலகர் பணிக்கு இப்பட்டத்துடன் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு அல்லது செட் எனப்படும் மாநிலத் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ, பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைப்படி பெற்ற முனைவர் பட்டமோ வேண்டும்.

சான்றிதழ்ப் படிப்பை முடித்தவர்கள் பலர் தாங்கள் ‘நூலகர்’ ஆகிவிட்டதாகவே கருதுகின்றனர். பொது நூலகத்தைப் பொறுத்தவரை அது சரி. கல்லூரியின் வாசலில் அச்சான்றிதழுக்கு மதிப்பில்லை. மூன்று படிகளும் ஒரே பெயரைத் தாங்கியிருப்பதால் வரும் இக்குழப்பம், கல்லூரிப் படிப்பையே முதன்முதலாகக் காணும் குடும்பங்களைத்தான் அதிகமாகத் தாக்குகிறது. வழிகேட்க வீட்டில் ஆளில்லாதவர்கள் ஆறு மாதத்தையும் கட்டணத்தையும் செலவிட்ட பிறகே வேறுபாட்டை அறிகின்றனர். இத்துறையின் தந்தை எனப் போற்றப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தபோது அவர் கணித ஆசிரியர். நூலகவியலில் எச்சான்றிதழும் அவரிடம் அப்போது இல்லை. பதவியேற்ற பிறகே இலண்டன் சென்று அத்துறையைக் கற்றார். முதலில் நாற்காலியும் பிறகு கல்வியும் கிடைக்கும் அந்த வரிசை, சேரியிலிருந்து வரும் எவருக்கும் ஒருபோதும் திறந்திருந்ததில்லை.

கல்லூரி நூலகருக்கான தகுதியைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வரையறுக்கின்றன. முதுநிலை நூலக அறிவியலில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண், தொடர்ந்து நல்ல கல்விப் பதிவு, நூலகக் கணினிமயமாக்கலில் அறிவு, இவற்றோடு நெட் அல்லது செட். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. எனவே அவர்களுக்கு 50 விழுக்காடு போதும். தேர்வு செய்யப்படுபவருக்கு உதவிப் பேராசிரியருக்கு நிகரான ஊதியம், அதாவது பத்தாம் நிலையில் 57,700 ரூபாய் தொடக்க அடிப்படை ஊதியம் விதிமுறையில் இருக்கிறது. தறியில் கூலிக்கு நெய்யும் குடும்பத்திலிருந்தோ, ஏரிப்பாசன வயல்களில் கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்தோ வரும் ஒருவருக்கு இந்த ஒரு பதவி ஒரு தலைமுறையின் நிலையை மாற்றக்கூடியது. போட்டி கடுமையாக இருப்பதற்கும், பதவியைச் சுற்றி மறைமுகக் கணக்குகள் நடப்பதற்கும் காரணம் இதுவே.

நெட் தேர்வைப் பற்றி நம் மாணவர்களிடம் பரவியுள்ள ஒரு தவறான கருத்தை இங்கே விலக்கியாக வேண்டும். இரண்டு தாள்கள், மூன்று மணி நேரம், மொத்தம் 300 மதிப்பெண். பொதுப் பிரிவினர் இரு தாள்களும் சேர்ந்து 40 விழுக்காடும், ஒதுக்கீட்டுப் பிரிவினர் 35 விழுக்காடும் பெற வேண்டும். முந்நூறில் 35 விழுக்காடு என்பது 105. இதைப் பலர் தேர்ச்சி மதிப்பெண் என்று எண்ணுகின்றனர். உண்மையில் அது நுழைவாயில் மட்டுமே. தேர்வெழுதியவர்களில் ஏறத்தாழ ஆறு விழுக்காட்டினரையே தகுதியுடையோராக அறிவிப்பது என்று முன்பே முடிவு செய்து, அந்த எண்ணிக்கையை இட ஒதுக்கீட்டு விகிதப்படி பிரிவுகளுக்கும் பாடங்களுக்கும் பிரிக்கின்றனர். ஆகவே உண்மையான எல்லைக்கோடு 105இலிருந்து வெகுவாக மேலே நிற்கும். அது ஒவ்வொரு பருவத்திலும் மாறும். 110 மதிப்பெண் எடுத்துவிட்டு ‘தேர்ச்சி பெற்றேன், சான்றிதழ் வரவில்லை’ என்று குழம்பும் மாணவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவது இன்னொரு தடை. தமிழ்வழியில் பட்டம் பெற்ற ஒருவர் நூற்பகுப்பு, நூற்பட்டியலாக்கம், தகவல் மீட்பு ஆகியவற்றின் கருத்துகளை அறிந்திருந்தும், அவற்றின் ஆங்கிலக் கலைச்சொற்களோடு போராட வேண்டியிருக்கிறது. இந்திவழியில் படித்த மாணவருக்கு அந்தச் சுமை இல்லை.

தமிழ்நாட்டின் செட் தேர்வு இதற்கு மாற்றாக இருந்திருக்க வேண்டும். அது ஆண்டுதோறும் நடப்பதில்லை. 2024 ஜூனில் நடக்கவேண்டியிருந்த தேர்வு தள்ளிவைக்கப்பட்டு, 2025 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக நடந்தது. இடையில் கழிந்த மாதங்களில் விளம்பரம் வந்த கல்லூரிகளுக்கு, அத்தேர்வை நம்பியிருந்தோர் விண்ணப்பிக்க இயலாது.

தொலைநிலைக் கல்வி பற்றியும் ஒரு சொல். நூலக அறிவியல் பட்டங்களைத் தமிழ்நாட்டில் பெருமளவினர் அஞ்சல் வழியில்தான் பெற்றனர். பகலில் வேலைக்குப் போகவேண்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லை. ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்திற்கு ஒட்டுமொத்தமாக ஒருமுறை கொடுக்கப்பட்டு நிலைத்திருப்பதன்று. படிப்புவாரியாக, கால வரம்போடு தரப்படுவது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரை மட்டுமே தான் அங்கீகாரம் அளித்ததாக மானியக் குழு 2022இல் பொது அறிவிப்பு வெளியிட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தோர் எத்தனை கலக்கம் அடைந்தனர் என்பது பலருக்கு நினைவிருக்கும். சேர்வதற்கு முன் deb.ugc.ac.in தளத்தில், தான் சேரும் பருவத்திற்கு அந்தக் குறிப்பிட்ட படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அப்பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பத்தாண்டு கழித்து நேர்காணலில் கேள்வி எழும்போது அந்தத் தாள்தான் பேசும்.

இப்போது நாற்காலிக்கு வருவோம்.

சுழற்சி முறையில் ஒற்றைப் பதவிக்கும் ஒதுக்கீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் மாதவ் வழக்கில் ஏற்றது. அதாவது ஒரு பதவி மட்டுமே உள்ள இடத்தில், அது காலியாகும் ஒவ்வொரு முறையும் சுழற்சிப் பட்டியலின் அடுத்த புள்ளிக்கு நகர்ந்து, பட்டியல் சாதியினரின் முறை வரும்போது அவர்களுக்குத் தரலாம். இந்த நிலை நன்றாக வேரூன்றவில்லை. 1998 ஏப்ரலில், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவன வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை மாற்றியது. ஒரே ஒரு பதவி உள்ள பணித்தொகுதியில் ஒதுக்கீடு வந்தால், அந்த நேரத்தில் அது நூறு விழுக்காடு ஒதுக்கீடாகிவிடும், பிறருக்கு வாய்ப்பே இல்லாமல் போகும், எனவே ஒதுக்கீடு செயல்படப் பணித்தொகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். ஒரே நாற்காலியில் தலைமுறை தலைமுறையாக ஒரே சமூகத்தார் அமர்ந்திருந்தால் அதுவும் நூறு விழுக்காடுதானே என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் விடை இல்லை.

தீர்ப்பு நமக்கு உவப்பானதாக இல்லாவிடினும் இன்றைய சட்டம் அதுவே. அதற்குள் நின்று நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘ஒரே பதவி’ என்பதை எந்த எல்லைக்குள் எண்ணுவது? கல்லூரிக்குள்ளா, கல்லூரியை நடத்தும் நிர்வாகத்திற்குள்ளா?

கேந்திரிய வித்யாலயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகர் ஒருவர்தான். பள்ளியை அலகாகக் கொண்டால் நாடு முழுவதிலும் ஒரு பட்டியல் சாதி நூலகர்கூட ஒதுக்கீட்டில் வர இயலாது. ஆனால் பணியமர்த்துவது சங்கதன் என்னும் ஒரே அமைப்பு. பணியாளர் எப்பள்ளிக்கும் மாற்றப்படலாம். எனவே எல்லாப் பள்ளிகளின் நூலகர் பதவிகளும் ஒரே பணித்தொகுதி. 2022 இறுதியில் அவர்கள் அறிவித்த நூலகர் பணியிடங்கள் 355. மத்திய அரசின் பதினைந்து விழுக்காட்டுக் கணக்கின்படி அவற்றில் சுமார் 53 பட்டியல் சாதியினருக்குரியவை. பள்ளிக்கு ஒருவர் என்ற நிலை எவ்வகையிலும் மாறவில்லை. எண்ணும் எல்லை மட்டும் விரிந்தது. பூச்சியம் ஐம்பத்து மூன்றாயிற்று.

இதே அளவுகோலைக் காஞ்சிபுரத்திற்குக் கொண்டுவரலாம். நகரில் ஆடவருக்கும் மகளிருக்குமாக இரண்டு பச்சையப்பன் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றை நடத்தும் பச்சையப்பன் அறக்கட்டளை சென்னையிலும் கடலூரிலும் உள்ளவற்றையும் சேர்த்து ஆறு கல்லூரிகளை நடத்துகிறது. கல்லூரிக்கு ஒரு நூலகர் பதவி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. தனித்தனிக் கல்லூரியாக எண்ணினால் ஒவ்வொன்றிலும் 0.18 பதவி. ஒற்றைப் பதவித் தீர்ப்பின்படி அது பூச்சியம். ஆறு பூச்சியங்களைக் கூட்டினாலும் பூச்சியம்தான். அறக்கட்டளையை அலகாக எண்ணினால் ஆறு பதவிகளில் 18 விழுக்காடு, அதாவது 1.08. ஒரு முழுப் பதவி. நிதி உதவி, கல்லூரிகள், ஊதியம், தகுதி எதுவும் மாறவில்லை. கோடு எங்கே போடப்படுகிறது என்பது மட்டுமே ஒரு தலித் நூலகர் இருப்பாரா இல்லையா என்பதை முடிவு செய்கிறது. குறிப்பிட்ட இந்த அறக்கட்டளை தவறிழைத்தது என்று சொல்வது இங்கே நோக்கமன்று. ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளை ஒரே நிர்வாகம் நடத்தும் எந்த ஊரிலும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காஞ்சி மாணவர்களுக்கு அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு இது.

அருந்ததியருக்கான மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீட்டின் நிலை இன்னும் நுட்பமானது. ஆறு பதவிகளில் மூன்று விழுக்காடு என்பது 0.18. ஆகவே அறக்கட்டளை அளவில் எண்ணினாலும் அவர்களுக்குத் தனியாக ஒரு முழுப் பதவி உருவாகாது. சுழற்சிப் பட்டியலில் அவர்களுக்கான முறை எப்போது வருகிறது என்பதையே நம்பியிருக்க வேண்டும். இருநூறு புள்ளிச் சுழற்சிப் பட்டியலில் பட்டியல் சாதியினருக்கு உரியவை 36. அவற்றுள் ஆறு அருந்ததியருக்கு. ஒரு நூலகர் சராசரியாக முப்பதாண்டு பணிபுரிந்தால், தனிக்கல்லூரிப் பதவி ஒன்று இருநூறு முறை நிரம்பி ஒரு சுற்று முடிய ஆறாயிரம் ஆண்டுகள் ஆகும். பகடிக்காக இதைச் சொல்லவில்லை. சிறு அலகுகளில் சுழற்சி என்பது எண்கணித அளவிலேயே செயலற்றது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான வழி இல்லை.

அலகைப் பற்றிய இச்சண்டை நமக்குப் புதிதன்று. பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடங்களைத் துறைவாரியாக எண்ண வேண்டும் என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, மானியக் குழு 2018 மார்ச்சில் அதை ஏற்றுச் சுற்றறிக்கை விட்டது. ஒதுக்கீட்டு இடங்கள் சரியத் தொடங்கின. நாடெங்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்த பிறகு, 2019இல் அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்து நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்று அச்சட்டம் நிலைநிறுத்தியது. அந்த வெற்றி பெரிது. ஆனால் சட்டத்தின் பெயரும் வரையறையும் ‘ஆசிரியர்’ பணித்தொகுதியைப் பற்றியே பேசுகின்றன. மானியக் குழுவின் விதிமுறைகளில் நூலகர் ‘பிற கல்விசார் பணியாளர்’ வரிசையில் வருபவர். அன்றைய போராட்ட முழக்கங்களில் நூலகரின் பெயரை எவரும் சேர்க்கவில்லை. மேலும் அச்சட்டம் மத்திய நிறுவனங்களுக்கானது. உதவி பெறும் கல்லூரிகளுக்கு மாநில அரசே அத்தகைய விதியை வகுக்க வேண்டும்.

இனி ஒரு மாணவியைக் கற்பனையாக எண்ணிக்கொள்வோம். காஞ்சிக்கு அருகில் ஒரு சேரியைச் சேர்ந்தவர், பட்டியல் சாதியினர். இளநிலைப் பட்டத்திற்குப் பின் நூலக அறிவியலில் இளநிலையும் முதுநிலையும் முடித்திருக்கிறார். முதுநிலையில் 52 விழுக்காடு. ஐந்து விழுக்காடு தளர்வினால் நெட் எழுதினார்; பட்டியல் சாதிப் பிரிவின் எல்லைக்கோட்டைத் தாண்டித் தகுதிச் சான்றிதழும் பெற்றார். அருகிலுள்ள உதவி பெறும் கல்லூரி ஒன்று நூலகர் பதவிக்கு விளம்பரம் செய்கிறது. ஒரே பதவி, பொதுச் சுற்று. அவர் விண்ணப்பிக்கிறார். ‘இது பொதுப் பதவி, உங்களிடம் 55 இல்லை, தளர்வு ஒதுக்கீட்டுப் பதவிக்கு மட்டுமே’ என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பக்கூடும்.

இந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் பணியாளர் துறை 1998 ஜூலையில் வெளியிட்ட ஓர் ஆணைக் குறிப்பு, வயது, அனுபவம், கல்வித் தகுதி போன்றவற்றில் தளர்வு பெற்றவர்களைப் பொதுப் பதவிகளுக்குக் கருதக் கூடாது என்கிறது. அது மத்திய அரசுப் பணிகளுக்கானது. ஆனால் பழக்கத்தால் எல்லா இடங்களிலும் எதிரொலிக்கிறது. விளைவைக் கவனியுங்கள். ஒற்றைப் பதவி என்பதால் ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு இல்லாத பதவி என்பதால் தளர்வும் இல்லை. விதிப்புத்தகத்தில் அச்சான ஐந்து விழுக்காடு, கல்லூரி நூலகர் பதவியைப் பொறுத்தவரை பயன்படுத்தவே முடியாத சலுகையாகிவிடுகிறது. ஒரு பூட்டுக்கு மற்றொன்று சாவியாக இருக்கவேண்டிய இடத்தில், இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன.

அம்மாணவிக்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. மானியக் குழுவின் 2018 விதிமுறை, நேரடி நியமனத்தில் தகுதியைக் கணிப்பதற்காக ஐந்து விழுக்காடு தளர்வு இப்பிரிவினருக்கு அளிக்கப்படும் என்றே சொல்கிறது. ஒதுக்கீடு செய்யப்பட்ட பதவிக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டை அங்கே சேர்க்கவில்லை. ராஜஸ்தான் ஆசிரியர் தகுதித் தேர்வு தொடர்பான விகாஸ் சங்கலா வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலையும் துணை நிற்கும். தகுதித் தேர்வில் பெற்ற மதிப்பெண் தளர்வு தகுதியைப் பற்றியது, நியமனப் போட்டியில் பெற்ற சலுகை ஆகாது. எனவே போட்டியில் அதிக மதிப்பெண் பெற்றவர் பொதுப் பிரிவிலும் இடம்பெறலாம் என்று அத்தீர்ப்பு கூறியது. நெட் சான்றிதழைப் பொறுத்தவரை இது வலுவான ஆதாரம். முதுநிலை மதிப்பெண் தளர்வுக்கு அதை நீட்டுவது வாதாடிப் பெறவேண்டிய ஒன்று. அவ்வந்த ஆட்சேர்ப்பு விதியின் சொற்களைப் பொறுத்து நீதிமன்றங்கள் மாறுபட்ட முடிவுகளுக்கு வந்திருக்கின்றன என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஆகவே நிராகரிப்பை வாய்மொழியாக ஏற்றுக்கொள்ளாமல், எந்த விதியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது முதல் வேலை. எழுத்தில் காரணம் இல்லையெனில் வழக்கும் இல்லை.

பள்ளிகளைப் பற்றி நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. அங்கே பதவியே இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்களோடு ஒரு நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்றும் சொல்கிறது. நூலகர் என்ற சொல் அதில் இல்லை. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு ஐயாயிரம் முதல் இருபதாயிரம் ரூபாய் வரை நூல் வாங்க மானியம் வருகிறது. அந்நூல்களைப் பதிவேட்டில் ஏற்றி, வகைப்படுத்தி, பிள்ளைகளின் கையில் கொடுக்க ஆளுக்கு ஊதியம் வருவதில்லை. அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே கூடுதல் பொறுப்பாக அலமாரிச் சாவியை வைத்திருக்கிறார். நூல் காணாமற்போனால் தன் ஊதியத்தில் பிடிப்பார்கள் என்று அஞ்சும் ஆசிரியர் அலமாரியைப் பூட்டியே வைப்பதில் வியப்பில்லை. மாநிலத்தின் 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம், இந்தியாவில் விடுதலைக்குப் பின் வந்த முதல் நூலகச் சட்டம் என்று நாம் பெருமை பேசுவது. சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி அதன் வழி வந்ததே. ஆனால் அந்நிதி பொது நூலகங்களுக்கானது. பள்ளி நூலகம் அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஆதலால் ‘பள்ளி நூலகர் வேலைக்கு’ என்று விளம்பரம் செய்து சான்றிதழ்ப் படிப்பில் ஆள் சேர்க்கும் நிறுவனங்களிடம், அந்த வேலை எந்தப் பள்ளியில், எந்த அரசாணைப்படி இருக்கிறது என்று கேட்பது நலம்.

நாற்காலியில் யார் அமர்கிறார் என்பது ஊதியத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. நூலகர் அன்றாடம் எடுக்கும் சிறு முடிவுகளில் அறிவின் வரைபடம் உருவாகிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்த நூல். அதைத் தசமப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்திற்குரிய 894.811 என்ற எண்ணின்கீழ் வைக்கலாம். சமூகத்தால் விலக்கப்பட்ட பிரிவினரைக் குறிக்கும் 305.5688 என்ற எண்ணின்கீழும் வைக்கலாம். முதல் எண்ணில் வைத்தால் பிற தமிழ் எழுத்தாளர்களுக்குப் பக்கத்தில் நிற்கும். தமிழ் படிக்கும் மாணவி அலமாரியில் தேடும்போது தானாகக் கண்ணில் படும். இரண்டாவதில் வைத்தால் சமூகச் சிக்கல் பற்றிய அறிக்கைகளுக்கு நடுவே கிடக்கும்; இலக்கியம் என்று தேடுபவர் அதைக் காண மாட்டார். விதிப்படி இரண்டும் பிழையில்லை. எங்கள் எழுத்து இலக்கியமா, ஆவணமா என்ற பழைய கேள்விக்கு நூலகர் ஒருவர் எவரும் கேட்காமலேயே, நூலின் முதுகில் ஒட்டும் சிறு சீட்டின் மூலம் விடையளித்துவிடுகிறார். எந்த நூலை வாங்குவது என்ற பட்டியலும் அவர் மேசையிலிருந்தே நூலகக் குழுவுக்குப் போகிறது. நிரந்தரப் பதவியை நிரப்பாமல், தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மட்டும் குறைந்த ஊதியத்தில் ஒருவரைத் தற்காலிகமாக அமர்த்தும் கல்லூரிகளில், அந்த மேசைக்கு உரிய குரலும் இல்லாமல் போகிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் நூலகம் கணினிமயமாகியிருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று நிரப்ப அவர் தேவைப்படுகிறார். நூல் தேர்வில் கருத்துச் சொல்ல அவர் அழைக்கப்படுவதில்லை.

ஆகவே எங்கே தொடங்குவது? அரசிடம் கேட்கவேண்டியது தெளிவு: ஒரே நிர்வாகத்தின்கீழ் வரும் உதவி பெறும் கல்லூரிகளின் நூலகர் பதவிகள் ஒரே பணித்தொகுதி என்றும், ஒற்றைக் கல்லூரி நடத்தும் நிர்வாகங்களுக்கு நூலகர், உடற்கல்வி இயக்குநர் போன்ற தனிப்பதவிகளைச் சேர்த்து எண்ணும் வழி ஒன்று வேண்டும் என்றும் விதி வகுத்தல். இரண்டாவது கோரிக்கை சட்டத்தில் கடினமானது. பணிகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவையாக இல்லாதபோது ஒரே பணித்தொகுதி என்று சொல்வதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. வெவ்வேறு நிர்வாகங்களின் பதவிகளை இணைப்பதென்றால் நியமன அதிகாரமே ஒரு பொது அமைப்பிடம் வர வேண்டும். முதலாவது கோரிக்கைக்கு அத்தகைய தடை இல்லை. நியமிப்பவர் ஒருவரே, தகுதியும் ஊதியமும் ஒன்றே. நிர்வாகம் தன் கல்லூரிகளுக்கிடையே பணியாளரை மாற்றும் வழக்கம் இருந்தால் வாதம் முழுமையாகிவிடும். சிறுபான்மை நிறுவனங்களுக்கு இனச்சுழற்சி பொருந்தாது என்பதால் அவற்றை இக்கணக்கில் சேர்க்க இயலாது.

அதற்கு முன் மாணவர் அமைப்புகள் கையில் ஆவணம் வேண்டும். அரசு நிதியில் பெரும்பகுதி இயங்கும் கல்லூரிகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உறுதி செய்துவிட்டது. எனவே பத்து ரூபாய்க் கட்டணத்தில் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலரிடம் நேரடியாகவே கேட்கலாம். ஒப்பளிக்கப்பட்ட நூலகர் பதவிகள் எத்தனை, அவை எந்நாள் முதல் காலி, கடைசியாக நிரப்பப்பட்டபோது இனச்சுழற்சிப் பட்டியலின் எந்தப் புள்ளியில் நிரப்பப்பட்டது, அப்பட்டியல் கல்லூரி அளவில் பேணப்படுகிறதா நிர்வாக அளவிலா, அந்தப் பதிவேட்டின் நகல். கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். ‘விதிப்படி பின்பற்றப்படுகிறது’ என்று பதில் எழுதுவது எளிது. பதிவேட்டின் நகலைப் புதிதாக உருவாக்குவது அத்தனை எளிதன்று. முப்பது நாளில் பதில் வரவேண்டும். ‘ஒற்றைப் பதவி, சுழற்சி இல்லை’ என்ற ஒரு வரி பதிலாக வந்தாலும் அது தோல்வியன்று. ஒரே நிர்வாகத்தின் பல கல்லூரிகளிலிருந்து அதே வரி எழுத்தில் வரும்போது, ஆறு ஒற்றைப் பதவிகள் ஒரு பணித்தொகுதியாகும் கணக்கை உயர் நீதிமன்றத்தில் வைக்கத் தேவையான தாள்கள் ஒன்றுசேர்ந்துவிடும்.